1998 முதல்னு போட்டிருக்கற சைட் நிஜமா எப்ப பொறந்துச்சு? டொமைன் ரெக்கார்டை படிக்கறது எப்படி

ஒரு கம்பெனியோட வெப்சைட்டை தொறந்து பாத்தா அதுல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் அந்த சைட்டை வச்சிருக்கற ஆள் போட்டது தான். "1998 முதல்"னு போட்டதும் அவர், 5000 வாடிக்கையாளர்னு போட்டதும் அவர், கீழ அஞ்சு ஸ்டாரோட வர்ற பாராட்டு எல்லாம் போட்டதும் அவர் தான். அதனால சைட்டையே திரும்பத் திரும்ப பாத்து "பாக்க நல்லா தானே இருக்கு"ன்னு முடிவு பண்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. இன்னிக்கு ஒரு ரெடிமேட் டெம்ப்ளேட் வாங்கினா ஒரே சாயங்காலத்துல பெரிய பேக்டரி மாதிரி சைட் போட்டுடலாம்.

ஆனா அந்த சைட்டை பத்தி அவர் எழுதாத, அவரால மாத்த முடியாத சில வரிகள் வெளிய இருக்கு. டொமைன் என்னிக்கு பதிவாச்சு, அந்த முகவரியில பழைய வருஷங்கள்ல என்ன இருந்துச்சு, பாதுகாப்பு சர்ட்டிபிகேட் முதல்ல எப்ப வாங்கினாங்க, இதெல்லாம் வேற யாரோ குறிச்சு வச்சது. சைட் சொல்ற கதையை இந்த வரிகளோட ஒட்டிப் பாக்கறது தான் மொத்த வேலையும். எதை பாத்தாலும் இது யார் எழுதின வரின்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

முதல்ல டொமைன் பேரை சரியா படிக்கணும், நிறைய பேர் ஏமாறறது இங்கயே தான். பிரவுசர்ல இருக்கற முகவரியில `https://` தாண்டி வர்ற முதல் சாய்வு கோடு வரைக்கும் மட்டும் எடுத்துக்கோங்க, அதுல கடைசியில இருந்து பின்னாடி படிங்க. `bigcompany.com.dealer-apply.example/form` அப்படின்னு ஒரு முகவரி வந்தா அதோட ஓனர் bigcompany இல்ல, `dealer-apply.example`-ஐ பதிவு பண்ணவர். முன்னாடி வர்ற துண்டை எல்லாம் அவர் இஷ்டத்துக்கு வச்சுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. (`.example`-ங்கற முடிவு இந்த மாதிரி உதாரணத்துக்குன்னே ஒதுக்கினது, அதுல நிஜ சைட் எதுவும் இருக்காது, அதனால தான் கட்டுரை முழுக்க அதையே போடறேன்.)

இப்ப ரெக்கார்ட் எங்க இருந்து வருதுன்னு பாப்போம். `.com` முடிவு மொத்தத்தையும் வெரிசைன்ங்கற நிறுவனம் பாத்துக்குது, `.in`-ஐ நம்ம நாட்டோட நிக்ஸி பாத்துக்குது, இவங்களை ரெஜிஸ்ட்ரின்னு சொல்வாங்க. நாம நேரா அவங்ககிட்ட போய் வாங்க மாட்டோம், நடுவுல ரெஜிஸ்ட்ரார்னு விக்கறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட காசு கட்டி பதிவு பண்ணுவோம். அப்படி பதிவாகும்போது ஒரு ரெக்கார்ட் உருவாகும், அதை யார் வேணாலும் பாக்கலாம், காசு கிடையாது. இதுக்கு பல வருஷமா இருந்த பேர் ஹூஇஸ், இப்ப அதோட இடத்துக்கு ஆர்டாப்னு புது முறை வந்திருக்கு. `.com` மாதிரி பொது முடிவுகளுக்கு ரெஜிஸ்ட்ரார்கள் பழைய ஹூஇஸ் சேவையை கட்டாயம் குடுக்கணும்ங்கற விதி 2025 ஜனவரி 28-ஓட முடிஞ்சுடுச்சு, அதனால பழைய வீடியோ பாத்து கமாண்ட் அடிச்சு ஒண்ணும் வரலைன்னா பயப்பட வேண்டாம். `lookup.icann.org`-ல போய் பேரை போட்டா `.com`, `.net`, `.org` மாதிரி பொது முடிவுகளுக்கு வந்துடும், `.in`-ஆ இருந்தா `registry.in`-ல தேடுங்க. லினக்ஸோ மேக்கோ வச்சிருக்கவங்க டெர்மினல்ல இப்படியும் பாக்கலாம்:

```
whois kovai-chekku.example
```

ஒரு உதாரணத்தை கடைசி வரைக்கும் கூட்டிட்டு போவோம். ஒருத்தர் மரச்செக்கு எண்ணெய் மெஷின் வாங்கணும்னு பேஸ்புக்ல விளம்பரம் பாத்து ஒரு சைட்டுக்கு போறார். கோயம்புத்தூர் முகவரி போட்டிருக்கு, "1998 முதல் செக்கு தயாரிப்பில்"னு பெருசா போட்டிருக்கு, மத்த எடத்துல மூணே முக்கால் லட்சம் சொல்ற மெஷின் இங்க ரெண்டு லட்சத்து பத்தாயிரம், பாதி அட்வான்ஸ் போட்டா பத்து நாள்ல டெலிவரி. அடியில கம்பெனி நம்பர், ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் இருக்கு. செப்டம்பர் 10-ம் தேதி ரெக்கார்டை எடுத்தா இப்படி வருதுன்னு வச்சுக்கோங்க:

```
Creation Date: 2025-08-19T06:12:44Z
Updated Date: 2025-08-24T09:30:10Z
Registry Expiry Date: 2026-08-19T06:12:44Z
Registrant Name: REDACTED FOR PRIVACY
Registrant Country: IN
Domain Status: clientTransferProhibited
```

புதுசா பாக்கறவங்க கண்ணு உடனே போறது அந்த REDACTED வரிக்கு தான், "பேரை மறைச்சிருக்கான் பாத்தியா"ன்னு சொல்வாங்க. அது ஒரு தடயமே இல்ல. 2018 மே மாசம் ஐரோப்பாவோட தனிநபர் தகவல் சட்டம் அமலுக்கு வந்ததுல இருந்து ரெஜிஸ்ட்ரார்கள் பெரும்பாலும் எல்லாருக்குமே பேரை மறைச்சு தான் காட்டறாங்க, நல்ல கம்பெனிக்கும் அப்படித்தான் வரும். சரி, பேர் தெரிஞ்சாலும் அதுல பெருசா ஒண்ணும் இல்ல, ஏன்னா அது பதிவு பண்றவரே டைப் பண்ற வரி. டொமைன் பேர்களுக்கு உலக அளவுல விதி போடற ஐகான் அமைப்போட விதிப்படி பொது முடிவுகளுக்கு இமெயிலோ போன் நம்பரோ வேலை செய்யுதான்னு ரெஜிஸ்ட்ரார் பாக்கணும், அதோட சரி, அந்த பேர்ல நிஜமா ஒரு ஆள் இருக்காரான்னு யாரும் ஆதார் வாங்கி பாக்கறதா இதுக்கு அர்த்தம் இல்ல. லாட்ஜ் ரிஜிஸ்டர்ல நாமளே எழுதற பேர் மாதிரி தான் இது, ஆனா எத்தனை மணிக்கு வந்தோம்னு கவுண்டர்ல இருக்கறவர் எழுதறார் பாருங்க, அந்த மாதிரி வரி தான் Creation Date. அதை ரெஜிஸ்ட்ரியோட சிஸ்டம் தானா போடுது, காசு குடுத்தாலும் ஒரு நாள் முன்ன பின்ன ஆக்க முடியாது.

அந்த வரி என்ன சொல்லுதுன்னா இந்த சைட்டோட முகவரி பொறந்து மூணு வாரம் தான் ஆகுது. (கடைசியில இருக்கற Z உலக பொது நேரத்தை குறிக்குது, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும், அதாவது காலைல 11.42.) 27 வருஷமா செக்கு செய்யற கம்பெனி மூணு வாரம் முன்னாடி தான் வெப்சைட் போட்டுச்சா? போட்டிருக்கலாம்! இதை மட்டும் வச்சு திருடன்னு சொல்றது தப்பு. நம்ம ஊர்ல நிறைய நல்ல பட்டறைகள் இத்தனை வருஷம் வெப்சைட்டே இல்லாம ஓடுது, புள்ளை படிச்சுட்டு வந்து இப்ப தான் சைட் போட்டிருப்பான். பேரை மாத்தியிருக்கலாம், பழைய டொமைனுக்கு ரினிவல் கட்ட மறந்து போய் அது கைய விட்டுப் போயிருக்கலாம். அதனால தேதியை பாத்த உடனே முடிவு கட்டாம சைட்ல இருக்கற மத்த பேச்சோட ஒட்டிப் பாக்கணும். நம்ம உதாரண சைட்ல "ஆன்லைன் மூலம் 12 வருடமாக ஆர்டர் பெற்று வருகிறோம்"னு ஒரு வரி இருக்கு, 2019 தேதி போட்ட கஸ்டமர் ரிவியூ நாலு இருக்கு. மூணு வாரம் முன்னாடி இல்லாத சைட்டுக்கு 2019-ல ரிவியூ எப்படி வந்துச்சு? புது டொமைன்ங்கறது பிரச்சனை இல்ல, புது டொமைனும் பழைய ஆன்லைன் வரலாறும் ஒரே சைட்ல இருக்கறது தான் பிரச்சனை.

இதுக்கு நேர் எதிரான வலை ஒண்ணு இருக்கு, அது இன்னும் ஆபத்து. Creation Date 2009-னு வந்தா உடனே நம்பிடாதீங்க. ஒருத்தர் டொமைனை ரினிவல் பண்ணாம விட்டா பல ரெஜிஸ்ட்ரார்கள் அது முழுசா அழியறதுக்கு முன்னாடியே ஏலம் விட்டுடறாங்க, ஏலத்துல எடுத்தவருக்கு அந்த 2009 தேதியும் சேந்தே போகும். முழுசா அழிஞ்சு போய் அப்புறம் யாராவது திரும்ப பதிவு பண்ணா தான் தேதி புதுசா ஆரம்பிக்கும். பழைய டொமைனை வாங்கறது தப்பு ஒண்ணும் இல்ல, அதுக்குன்னு ஒரு சந்தையே நடக்குது. ஆனா மோசடி பண்றவங்களும் அங்க தான் வயசான டொமைனை எடுக்கறாங்க, ஏன்னா ஜனங்க தேதி பாக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு அவங்களுக்கும் தெரியும்.

இதை பிடிக்கறதுக்கு தான் `web.archive.org`. இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற அமைப்பு 1996-ல இருந்து வெப்சைட்டுகளை அப்பப்ப படம் பிடிச்ச மாதிரி சேத்து வைக்குது, அதுல டொமைன் பேரை போட்டா வருஷ வாரியா காலண்டர் வரும், எந்தெந்த நாள்ல சேத்திருக்காங்கன்னு புள்ளி வச்சிருக்கும், அதை தொட்டா அன்னிக்கு அந்த சைட் எப்படி இருந்துச்சோ அப்படி தொறக்கும். 2009-ல பதிவான டொமைன்ல 2011-ல கல்யாண போட்டோ எடுக்கற ஸ்டுடியோ இருந்து, 2017-ல "இந்த டொமைன் விற்பனைக்கு"னு ஒரு பக்கம் இருந்து, 2025-ல திடீர்னு செக்கு மெஷின் வந்தா உங்களுக்கே புரிஞ்சுடும். காலண்டர் காலியா இருந்தா அதை வச்சு எதுவும் சொல்ல முடியாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, சின்ன சைட்டுகள் பல தடவை அதுல சிக்கறதே இல்ல. இருந்தா தான் சாட்சி, இல்லாதது சாட்சி இல்ல.

இன்னொரு எடம் `crt.sh`. பேர் தான் விநோதமா இருக்கு, விஷயம் சுலபம். சைட் முகவரி `https`-ல ஆரம்பிக்கணும்னா ஒரு சர்ட்டிபிகேட் வாங்கணும், அதை குடுக்கறவங்க பொது பதிவேட்டுல குறிச்சு வைப்பாங்க, 2018-ல இருந்து குரோம் பிரவுசர் இந்த பதிவு இல்லாத புது சர்ட்டிபிகேட்டை ஏத்துக்கறது இல்ல. `crt.sh`-ல டொமைனை போட்டா Not Before-ங்கற தேதியோட ஒரு பட்டியல் வரும், அதுல ரொம்ப பழைய வரியை பாருங்க. பத்து வருஷமா ஓடற சைட்டுன்னா வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிட்டே வந்திருக்கணும், பட்டியல் நீளமா இருக்கும். ஏலத்துல எடுத்த பழைய டொமைன்ல பெரிய ஓட்டை தெரியும், 2018-ல நின்னு 2025 ஆகஸ்ட்ல மறுபடி ஆரம்பிக்கும். எனக்கு இந்த மூணுலயும் ரொம்ப பிடிச்சது இது தான், ஏன்னா இதை பத்தி சைட் போடறவங்க பல பேருக்கு தெரியவே தெரியாது, மறைக்கணும்னும் தோணாது.

சர்ட்டிபிகேட் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிடறேன். பூட்டு படம் இருக்கு அதனால இது சேப்டியான கம்பெனின்னு இன்னும் நிறைய பேர் நினைக்கறாங்க. அந்த பூட்டு சொல்றது ஒண்ணே ஒண்ணு, உங்க போனுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவுல யாரும் ஒட்டுக் கேக்க முடியாது, அவ்வளவு தான். அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவர் யாருன்னு அது சொல்லவே இல்ல. லெட்ஸ் என்கிரிப்ட்ல இலவசமாவே சர்ட்டிபிகேட் கிடைக்குது, டொமைன் உங்க கையில இருக்குன்னு நிரூபிச்சா போதும். ஜனங்க தப்பா புரிஞ்சுக்கறாங்கன்னு தான் குரோம் 2023-ல அந்த பூட்டு படத்தையே எடுத்துட்டாங்க.

இப்ப சைட்டோட அடிப்பகுதிக்கு வருவோம். இந்தியாவுல கம்பெனியா பதிவானவங்க வெப்சைட் வச்சிருந்தா முகப்பு பக்கத்துல கம்பெனி பேர், பதிவு அலுவலக முகவரி, கம்பெனியோட பதிவு எண்ணான சிஐஎன் நம்பர், போன், இமெயில், யார்கிட்ட பேசணும்ங்கற பேர் இதெல்லாம் போடணும்னு கம்பெனி பதிவு விதிகள்லயே இருக்கு. நிறைய சின்ன கம்பெனி போடறது இல்ல, தனி ஆள் நடத்தற கடைக்கு இந்த விதியே கிடையாது, அதனால இல்லைன்னா சந்தேகப்பட்டுட வேண்டாம். ஆனா நம்பர் போட்டிருந்தா அது ஒரு பொக்கிஷம், ஏன்னா அந்த நம்பருக்குள்ளயே தகவல் இருக்கு.

சிஐஎன் மொத்தம் 21 எழுத்து. முதல் எழுத்து பங்குச்சந்தையில இருக்கற கம்பெனியா இல்லையான்னு சொல்லும், அப்புறம் தொழில் வகைக்கு அஞ்சு எண், அதுக்கு அடுத்து மாநிலத்துக்கு ரெண்டு எழுத்து, பதிவான வருஷத்துக்கு நாலு எண், இப்படி போகும். ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து, முதல் ரெண்டு எண் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்தும் அந்த தொழிலோட பான் நம்பர். நம்ம செக்கு சைட்ல சிஐஎன் நடுவுல `GJ2009`-னு இருக்கு, ஜிஎஸ்டி நம்பர் `24`-ல ஆரம்பிக்குது. ரெண்டுமே குஜராத். கோயம்புத்தூர்ல 1998-ல இருந்து இருக்கோம்னு சொல்றவங்க குஜராத்ல 2009-ல பதிவான கம்பெனி நம்பரை போட்டிருக்காங்க. இதுக்கும் நியாயமான விளக்கம் இருக்க வாய்ப்பு உண்டு, 98-ல தனி ஆளா ஆரம்பிச்சு அப்புறம் கம்பெனியா மாத்தியிருக்கலாம், குஜராத்ல தலைமை அலுவலகம் வச்சு இங்க கிளை போட்டிருக்கலாம். கிளைன்னா தமிழ்நாட்டுல இருந்து விக்கறதுக்கு 33-ல ஆரம்பிக்கற ஜிஎஸ்டி பதிவு தனியா வேணும், பான் பகுதி மட்டும் அதே தான் இருக்கும். `gst.gov.in`-ல லாகின் இல்லாமலே நம்பரை போட்டு தேடலாம், சட்டப்படியான பேர், பதிவு தேதி, இப்ப நடப்புல இருக்கா ரத்தாகிடுச்சான்னு எல்லாம் வரும். கம்பெனி பதிவை `mca.gov.in`-ல பாக்கலாம்.

இங்க தான் ரொம்ப பேர் தவறான எடத்துல நிறுத்திடறாங்க. நம்பரை தேடினேன், கம்பெனி நிஜமா இருக்கு, ஆக்டிவ்னு வருது, ஜிஎஸ்டி ஒழுங்கா இருக்கு, அப்ப சைட்டும் நிஜம்னு காசை போட்டுடறாங்க. இல்லீங்க. நிஜமா இருக்கற ஒரு கம்பெனியோட நம்பரை யாரு வேணாலும் காப்பி பண்ணி தன்னோட சைட்டுக்கு அடியில ஒட்டிக்கலாம், அந்த நம்பர் எல்லாம் பொதுவுல கிடைக்கறது தான். சைட்ல இருந்து கம்பெனிக்கு ஒரு கோடு போட்டா அது அந்த சைட்காரர் போட்ட கோடு. கம்பெனி பக்கத்துல இருந்து சைட்டுக்கு ஒரு கோடு வருதான்னு பாருங்க, அதாவது அந்த கம்பெனியோட ஏற்கனவே தெரிஞ்ச எடத்துல, பழைய சைட்லயோ பில்லுலயோ மெஷின் மேல ஒட்டின லேபிள்லயோ, இந்த டொமைன் பேர் இருக்கான்னு பாக்கணும்.

பெட்ரோல் பங்க் டீலர்ஷிப் விஷயத்தை எடுத்துக்கோங்க, இதுல போலி சைட்டுகள் நிறைய வந்து இருக்கு. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூணு பேரும் சேந்து விண்ணப்பம் வாங்கற நிஜ சைட் `petrolpumpdealerchayan.in`. பேரை மட்டும் பாத்தா இதுவே போலி மாதிரி தான் இருக்கு, நீளமா, யாரு வேணாலும் வாங்கக்கூடிய `.in`-ல. அது நிஜம்னு எப்படி தெரியுதுன்னா `iocl.com` மாதிரி அந்த நிறுவனங்களோட சொந்த சைட்டும், அவங்க பேப்பர்ல குடுக்கற விளம்பரமும் அதை காட்டுது. பேரோட அழகை வச்சு முடிவு பண்ணவே முடியாது, எங்க இருந்து அதை காட்டறாங்கங்கறது தான் கணக்கு.

சில முடிவுகளுக்கு மட்டும் அந்த முடிவே ஒரு அடையாளம். `.gov.in` அரசு அமைப்புகளுக்கு தான் குடுப்பாங்க. ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-க்குள்ள எல்லா பேங்கும் `.bank.in`-க்கு மாறணும்னு சொல்லிச்சு, அதை பதிவு பண்ணித் தர்ற ஒரே எடம் ஹைதராபாத்ல இருக்கற ஐடிஆர்பிடி நிறுவனம், வேற ஆள் போய் வாங்க முடியாது. `.org` தொண்டு நிறுவனத்துக்கு மட்டும்னு நினைக்கறது தப்பு, `.com`, `.in`, `.co.in` மாதிரியே அதையும் யாரு வேணாலும் வாங்கலாம்.

ஜனங்க பெருசா நினைக்கற சில விஷயம் உண்மையில பலவீனம்னும் சொல்லணும். சர்வர் அமெரிக்காவுல இருக்குன்னு பயப்படறாங்க, சைட்டுக்கும் பாக்கறவங்களுக்கும் நடுவுல நிக்கற கிளவுட்பிளேர் மாதிரி சேவைக்கு பின்னாடி இருக்கற எந்த சைட்டுமே அப்படித்தான் தெரியும், அது கம்பெனி இருக்கற எடத்தை காட்டாது. ஒரே வருஷத்துக்கு பதிவு பண்ணியிருக்காங்கங்கறதும் அப்படித்தான், காசை பாத்து செலவு பண்ற நேர்மையான கடைக்காரரும் வருஷா வருஷம் தான் கட்டுவார். ஜிமெயில் முகவரி வச்சிருக்கறதும் நம்ம ஊர் பட்டறைகள்ல சர்வ சாதாரணம். இதெல்லாம் மத்த பெரிய முரண்பாட்டோட சேந்து வந்தா கணக்குல எடுங்க, தனியா வந்தா விட்டுடுங்க. அதை விட பத்து மடங்கு பயனுள்ளது ஒண்ணு சொல்றேன், யாரும் படிக்காத பிரைவசி பாலிசி, ரீபண்ட் பாலிசி பக்கத்தை தொறந்து நிதானமா படிங்க. வேற சைட்ல இருந்து அப்படியே எடுத்து ஒட்டினவங்க அந்த பழைய கம்பெனி பேரை நடுவுல எங்கயாவது மாத்தாம விட்டிருப்பாங்க. அதே மாதிரி மெஷின் போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டு வேற எங்க இருக்குன்னு பாருங்க.

நம்ம செக்கு சைட்ல இதையும் பண்ணா, ரீபண்ட் பாலிசி நாலாவது பத்தியில குஜராத் கம்பெனியோட பேர் அப்படியே இருக்கு, லென்ஸ்ல அதே மெஷின் போட்டோ அந்த கம்பெனியோட சொந்த சைட்ல வருது, அந்த சைட்டோட டொமைன் 2010-ல பதிவானது, ஆர்க்கைவ்ல 2013-ல இருந்தே எண்ணெய் மெஷின் தான் இருக்கு, கிட்டத்தட்ட வருஷா வருஷம் புள்ளி இருக்கு. இப்ப கதை தலைகீழா புரியுது, குஜராத்ல ஒரு நிஜ கம்பெனி இருக்கு, அதோட போட்டோவையும் நம்பரையும் எடுத்து மூணு வாரம் முன்னாடி வாங்கின டொமைன்ல யாரோ கடை விரிச்சிருக்காங்க.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி, அந்த கம்பெனியே தமிழ்நாட்டுக்கு ஒரு டீலர் வச்சு அவர் போட்ட சைட்டா இருக்கலாம். இதை எந்த ரெக்கார்டும் சொல்லாது, கேட்டு தான் தெரிஞ்சுக்கணும். புது சைட்ல இருக்கற வாட்ஸ்அப் நம்பர்ல கேக்கக்கூடாது, அவர் ஆமான்னு தான் சொல்வார். 2010 டொமைன்ல இருக்கற பழைய சைட்ல, ஆர்க்கைவ்ல ரெண்டு மூணு வருஷம் முன்னாடி பக்கத்துலயும் அதே நம்பர் இருக்கான்னு ஒப்பிட்டுட்டு, அந்த நம்பருக்கு போன் பண்ணி இந்த டொமைன் பேரை எழுத்து எழுத்தா சொல்லி இது உங்களோடதான்னு கேளுங்க, அட்வான்ஸ் போடச் சொன்ன பேங்க் அக்கவுண்ட் எந்த பேர்ல இருக்குங்கறதையும் சேத்து சொல்லுங்க. அவங்க இல்லைன்னு சொன்னா அந்த விளம்பரம், சைட் முகவரி, வாட்ஸ்அப் பேச்சு எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து `cybercrime.gov.in`-ல போடுங்க, ஏற்கனவே காசு போட்டாச்சுன்னா ஒரு நிமிஷமும் தள்ளாம 1930-க்கு அடிங்க, அக்கவுண்ட்ல இருந்து பணம் வெளிய போறதுக்கு முன்னாடி சொன்னா தான் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கு.